'அபௌட்' எங்கிருந்து வந்தது?

ஒவ்வோர் ஆண்டும் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆங்கிலக் கட்டுரைத் தாள்கள் எங்கள் மேசைமீது குவியும். சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவோம். பத்துத் தாள் திருத்துவதற்குள் ஒரு பழைய சிநேகிதி எப்படியும் வந்து எதிரில் நிற்பாள். அவள் பெயர் 'டிஸ்கஸ் அபௌட்'. 'அபௌட்' என்னும் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போடுவோம். அடுத்த தாளிலும் அவளே. மீண்டும் ஒரு வட்டம். ஆங்கிலம் போதிக்கும் நாங்கள் இருவரும் பல ஆண்டுகளாக இப்படித்தான் வட்டம் போட்டு வந்தோம். அந்த வட்டத்தினால் ஒரு மாணவிக்கு என்ன நேர்ந்தது என்பதையும், அதன்பின் நாங்கள் கற்றுக்கொண்டதையும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம்.

ஆங்கில வாக்கியங்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்பும் பிழை காதுக்குத் தப்பாது.

ஏரியைப் பற்றி ஒரு கட்டுரை

லால்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி அவள். 'எங்கள் ஊர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தோம். வகுப்பில் பாதிப்பேர் நோட்ஸிலுள்ள கிராமத்தை அப்படியே ஒப்பித்து எழுதியிருந்தார்கள். அந்தக் கிராமத்தில் ஓர் ஆறு ஓடும், ஒரு கோயில் இருக்கும், மக்கள் எளிமையானவர்கள். அது எந்த ஊரும் அன்று. இவளோ தன் ஊரையே எழுதியிருந்தாள். வெற்றிலைக் கொடிக்காலையும், வீராணம் ஏரிக் கரையையும், மாலையில் கரையில் உட்கார்ந்து தண்ணீர் மட்டத்தைப் பேசும் பெரியவர்களையும் எழுதியிருந்தாள். அவள் எழுதிய ஏழு வாக்கியங்கள் இவை:

'எவ்ரி ஈவினிங் மை ஃபாதர் ரிட்டர்ன்ஸ் பேக் ஃப்ரம் த பீட்டல் கார்டன். வி வாக் அண்ட் ரீச் டு த லேக். தேர் த எல்டர்ஸ் டிஸ்கஸ் அபௌட் த வாட்டர் லெவல். மை கிராண்ட்ஃபாதர் மென்ஷன்ஸ் அபௌட் அன் ஓல்டு ஃப்ளட். ஹீ ஸ்ட்ரெஸ்ஸஸ் ஆன் த நீட் ஃபார் எ ஸ்ட்ராங் பண்ட். ஹீ டெல்ஸ் டு மீ தட் த லேக் வாட்டர் கோஸ் டு சென்னை. லாஸ்ட் இயர் அவர் பீப்பிள் ரிக்வெஸ்டட் ஃபார் த ஆபீஸர் டு ஓப்பன் த ஸ்லூஸ்.'

வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது என்பது உண்மையே. 2004ஆம் ஆண்டு முதல் போய்க்கொண்டிருக்கிறது. அவள் சொன்ன செய்திகளில் தவறு இல்லை. ஆனால் ஏழு வாக்கியத்தில் ஏழு வட்டம் போட்டோம். 'பேக்', 'டு', 'அபௌட்', மறுபடி 'அபௌட்', 'ஆன்', 'டு', 'ஃபார்'. ஒப்பித்து எழுதியவர்களின் தாளில் ஒரு வட்டமும் இல்லை. சொந்தமாகச் சிந்தித்தவளுக்கு மதிப்பெண் குறைந்தது. நோட்ஸை விழுங்கியவர்களுக்குக் கூடியது.

கதை அத்துடன் முடியவில்லை. அடுத்த வாரம் அவள் எழுதிய தாளைப் பார்த்துத் திகைத்துப் போனோம். 'வி டாக்டு த லேக்', 'வி வெயிட்டட் த பஸ்', 'வி லிஸன்டு த ரேடியோ' என்று எழுதியிருந்தாள். அழைத்துக் கேட்டோம்.

"ஏம்மா, இப்படி எழுதியிருக்கிறாய்?"

"போன வாரம் அதையெல்லாம் சுழித்துவிட்டீர்களே, டீச்சர். அந்தச் சின்னச் சொற்கள் எல்லாமே வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்துவிட்டேன்."

பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. 'டாக் அபௌட்' சரி, 'டிஸ்கஸ் அபௌட்' தவறு. 'வெயிட் ஃபார்' சரி, 'அவெயிட் ஃபார்' தவறு. ஏன்? 'அதுதான் ஆங்கில மரபு' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குழந்தை 'அபௌட்'டைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கவில்லை. அது எங்கிருந்தோ வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எப்போது வாசலிலேயே நிறுத்தலாம் என்பதும் தெரியும்.

மூன்று வாசல்கள்

ஆங்கிலத்தில் 'ப்ரெபொஸிஷன்' எனப்படும் முன்னிடைச் சொல் பெயருக்கு முன்னால் நிற்கும். தமிழில் அதே வேலையை வேற்றுமை உருபும் சொல்லுருபும் பெயருக்குப் பின்னால் நின்று செய்கின்றன. 'ஏரியைப் பற்றி', 'ஏரிக்கு', 'ஏரியில்' என்கிறோம். நாம் ஆங்கிலம் எழுதும்போது மனத்துக்குள் தமிழ் வாக்கியம் முதலில் எழும். அதிலுள்ள உருபு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடி வைப்போம். 'தண்ணீர் மட்டத்தைப் பற்றி விவாதித்தார்கள்' என்பதிலுள்ள 'பற்றி' சும்மா இருக்காது, 'அபௌட்' ஆகிவிடும். 'ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்பதிலுள்ள 'கு' உருபு 'ரீச் டு' என்று வந்து நிற்கும். 'என்னிடம் சொன்னார்' என்பதிலுள்ள 'இடம்' உருபு 'டெல்ஸ் டு மீ' என்றாகும். 'திரும்பி வந்தார்' என்னும் இரண்டு சொற்களுக்கும் இரண்டு ஆங்கிலச் சொல் வைக்காவிட்டால் நமக்கு மனம் ஆறாது. ஆகவே 'ரிட்டர்ன்' என்பதோடு 'பேக்' சேரும். 'ரிட்டர்ன்' என்னும் ஒரே சொல்லுக்குள் 'திரும்பி'யும் 'வா'வும் அடங்கியிருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். இது முதல் வாசல். நம் வீட்டு வாசல்.

இரண்டாம் வாசல் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. வினைச்சொல்லுக்கும் அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லுக்கும் ஆங்கிலம் வேறு வேறு வழக்கம் வைத்திருக்கிறது. 'டிஸ்கஸ்' என்னும் வினைக்கு 'அபௌட்' வேண்டாம். 'டிஸ்கஷன்' என்னும் பெயருக்கு வேண்டும். 'வி டிஸ்கஸ்டு த லேக்' என்பது சரி; 'வி ஹேட் எ டிஸ்கஷன் அபௌட் த லேக்' என்பதும் சரி. 'ரிக்வெஸ்ட்' என்பது வினையாக வந்தால் 'ஃபார்' வேண்டாம்; 'எ ரிக்வெஸ்ட் ஃபார் வாட்டர்' என்று பெயராக வந்தால் வேண்டும். 'ஆர்டர்', 'டிமாண்ட்' ஆகிய சொற்களும் இப்படியே. 'ஸ்ட்ரெஸ்' என்னும் வினை தனியே நிற்கும். பெயரானால் 'ஆன்' கேட்கும். இவற்றில் பல சொற்கள் வினைக்கும் பெயருக்கும் ஒரே உருவம் கொண்டவை. ஆதலால் பெயரோடு கேட்டுப் பழகிய முன்னிடைச் சொல்லை வினையோடும் ஒட்டிவிடுகிறோம்.

மூன்றாம் வாசல் அண்டை வீடு. பொருள் ஒத்த இரண்டு வினைகளில் ஒன்றுக்கு உரியதை மற்றதற்குக் கொடுத்துவிடுவது. 'கன்ஸிஸ்ட் ஆஃப்' என்று பழகியவர் 'கம்ப்ரைஸ் ஆஃப்' என்று எழுதுவார். 'கீப் அப் வித்' என்று கேட்டவர் 'கோப் அப் வித்' என்பார். 'கோப் வித்' என்றாலே போதும், நடுவில் 'அப்' ஏறி உட்கார இடமில்லை. 'ஸே', 'டெல்' என்னும் இரண்டுக்கும் தமிழில் 'சொல்' என்று ஒரே வினை. 'ஸே டு மீ' சரியாயிருப்பதால் 'டெல் டு மீ' என்பதும் சரியாகத் தோன்றுகிறது. இவ்வகைப் பிழை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கும் வருவதுண்டு. 'கம்ப்ரைஸ்' விஷயத்தில் அவர்களே தங்களுக்குள் வாதாடிக்கொள்கிறார்கள்.

இப்போது 'டிஸ்கஸ் அபௌட்' ஏன் எல்லாப் பிழைகளிலும் பிடிவாதமானது என்பது விளங்கும். மற்றப் பிழைகள் பெரும்பாலும் ஒரு வாசல் அல்லது இரண்டு வாசல் வழியே வருகின்றன. இது மூன்று வாசல் வழியாகவும் வருகிறது. 'பற்றி விவாதித்தோம்' என்னும் தமிழ் ஒரு பக்கம் தள்ளுகிறது; 'டிஸ்கஷன் அபௌட்' என்னும் பெயர் மறுபக்கம் இழுக்கிறது; 'டாக் அபௌட்', 'ஸ்பீக் அபௌட்' என்னும் அண்டை வீட்டார் கைதட்டி அழைக்கிறார்கள். ஒரு வாசலை மட்டும் வட்டம் போட்டு அடைத்தால் மற்ற இரண்டும் திறந்தே கிடக்கின்றன.

இது நம் ஒருவரின் குறையும் அன்று. இந்தியர் எழுதும் ஆங்கிலத்தின் மரபுப் பிழைகளை ஆராய்வதற்கென்றே பம்பாய் சிவில் ஸர்வீஸில் இருந்த ஜார்ஜ் விட்வொர்த் என்பவர் 1907இல் ஒரு நூல் வெளியிட்டார். ஸைப்ரஸ் தீவில் கிரேக்க மொழி பேசும் மாணவர்களுக்குக் கற்பித்த ஃபிட்டிகைடீஸ் என்பவர் 1936இல் ஆங்கிலப் பிழைகளைத் தொகுத்து வெளியிட்ட சிறு நூலில், வேண்டாத இடத்தில் முன்னிடைச் சொல் சேர்ப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆக, லால்பேட்டைச் சிறுமியின் தாளிலுள்ள வட்டங்களுக்கு ஸைப்ரஸிலும் உடன்பிறப்புகள் இருக்கின்றன.

துணியை அலசுவது போல

இனி நிறுத்தும் வழிக்கு வருவோம். நம் தமிழ் இலக்கண வகுப்பில் செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை என்று படிக்கிறோம். 'வெட்டினாள்' என்றால் 'எதை?' என்று கேட்கலாம். இரண்டாம் வேற்றுமையாகிய 'ஐ' உருபு ஏற்ற பெயர் விடையாக வரும். இடையில் வேறொன்றும் வேண்டாம். ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' என்பதும் அத்தகைய குன்றா வினை. அது தன் செயப்படுபொருளைத் தானே கையால் பிடித்துக்கொள்ளும். 'டாக்' என்பது அப்படியன்று. ஒரு பொருளைத் தொட அதற்கு 'அபௌட்' என்னும் கைப்பிடி தேவை.

இதை மாணவியர் மனத்தில் எப்படிப் பதிப்பது என்று யோசித்தபோது, 'டிஸ்கஸ்' என்பதை 'விவாதி' என்று மொழிபெயர்த்ததுதான் தொல்லை என்று தோன்றியது. அச்சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தோம். இலத்தீனில் 'டிஸ்' என்றால் வேறு வேறாக, பிரித்து. அத்துடன் 'குவாட்டெரெ' என்னும் உதறுதலைக் குறிக்கும் வினை சேர்ந்து 'டிஸ்குட்டெரெ' ஆயிற்று. உதறிப் பிரித்தல் என்பதே அதன் பழைய பொருள். உடனே நம் வீட்டுச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது: அலசுதல். 'விஷயத்தை அலசினார்கள்' என்று தமிழில் சொல்லுகிறோம் அல்லவா? துணியைத் தண்ணீரில் உதறி அலசுவது போல விஷயத்தை அலசுவது. இங்கே 'பற்றி' வருகிறதா? 'விஷயத்தைப் பற்றி அலசினார்கள்' என்பதைவிட 'விஷயத்தை அலசினார்கள்' என்பதே இயல்பு. துணியைப் பற்றி யாரும் அலசுவதில்லை, துணியைத்தான் அலசுகிறார்கள்! ஆகவே 'டிஸ்கஸ்' என்றால் இனி 'அலசு' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தண்ணீர் மட்டத்தை அலசினார்கள்'. 'டிஸ்கஸ்டு த வாட்டர் லெவல்'. 'அபௌட்' தானாகவே உதிர்ந்துவிடும்.

இதே வழியை மற்ற வினைகளுக்கும் பார்த்தோம். 'ரீச்' என்பதைப் 'போய்ச் சேர்' என்று எண்ணினால் 'ஏரிக்கு' என்று வந்து 'டு' புகுந்துவிடும். 'அடை' என்று எண்ணுங்கள்: 'ஏரியை அடைந்தோம்', 'ரீச்டு த லேக்'. 'மென்ஷன்' என்பதைக் 'குறிப்பிடு' என்று கொள்ளுங்கள்: 'வெள்ளத்தைக் குறிப்பிட்டார்'. 'ஸ்ட்ரெஸ்' என்பதும் 'எம்ஃபஸைஸ்' என்பதும் 'வலியுறுத்து': 'தேவையை வலியுறுத்தினார்', அங்கே 'ஆன்' ஏறாது. 'ரிஸம்பிள்' என்பதைப் 'போலிரு' என்னாமல் 'ஒத்திரு' என்றால் 'தாயை ஒத்திருக்கிறாள்' என வரும், 'டு' வேண்டாம். 'மேரி' என்பதற்குக் 'கல்யாணம் செய்துகொள்' என்றால் 'அவரோடு' வந்து 'மேரிட் வித்' என்றாகும். 'மண' என்றால் 'அவரை மணந்தாள்'. 'கம்ப்ரைஸ்' என்பது 'கொண்டிரு': 'ஐந்து அறைகளைக் கொண்டது'. 'ஐ' உருபு ஏற்கும் தமிழ் வினை ஒன்றைத் துணையாக வைத்துவிட்டால், உள்ளுக்குள் எழும் தமிழ் வாக்கியமே ஆங்கிலத்தைச் சரியாக நடத்திச் செல்லும். தாய்மொழியை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்று சிலர் சொல்வர். எங்கள் அனுபவம் வேறு. சரியான தமிழ் வினையைத் தேர்ந்துகொண்டால் தாய்மொழியே கைகொடுக்கிறது.

வழி எங்கே முடிகிறது

இந்த வழிக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடியும் 'வி லிஸன்டு த ரேடியோ' என்னும் தாள் எங்கள் மேசைக்கு வரும். 'ரேடியோவைக் கேட்டோம்', 'படத்தைப் பார்த்தோம்' என்று தமிழில் 'ஐ' உருபு வருகிறது. அதை நம்பினால் 'லிஸன்', 'லுக்' ஆகிய இரண்டும் தனியே நிற்க வேண்டும். ஆனால் ஆங்கிலம் 'லிஸன் டு', 'லுக் அட்' என்றுதான் கேட்கிறது. 'பஸ்ஸை எதிர்பார்த்தோம்' என்றாலும் 'வெயிட்' என்னும் வினைக்கு 'ஃபார்' வேண்டும். 'அவெயிட்' என்பதற்குத்தான் வேண்டாம். ஆகவே, தமிழ் வினை என்பது நாம் ஏற்கெனவே தெரிந்துகொண்ட ஆங்கில வழக்கை நினைவில் நிறுத்தும் ஆணியே தவிர, தெரியாத வழக்கைச் சொல்லித்தரும் ஆசான் அன்று.

'டெல்', 'இன்ஃபார்ம்', 'ஆன்ஸர்', 'என்டர்' என்னும் நான்குக்கும் பொருத்தமான தமிழ்த் துணை எங்களுக்கு அகப்படவில்லை. 'தலைமையாசிரியைக்குத் தெரிவித்தோம்', 'கேள்விக்குப் பதில் சொன்னோம்', 'வகுப்பினுள் நுழைந்தோம்' என்று தமிழ் எப்போதும் வேறு உருபையே கொண்டுவருகிறது. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்வதே நலம். ஏழு வட்டத்தில் ஒன்றான 'டெல்ஸ் டு மீ' இந்த வகையைச் சேர்ந்தது.

முன்னிடைச் சொல் சேர்ந்தால் பிழையாகாமல் பொருளே மாறிவிடும் இடங்களும் உண்டு. 'ஷி ஸர்ச்டு த பேக்' என்றால் பைக்குள் எதையோ தேடினாள். 'ஷி ஸர்ச்டு ஃபார் த பேக்' என்றால் பையையே காணோம். 'அட்டெண்ட் த மீட்டிங்' என்றால் கூட்டத்துக்குப் போவது; 'அட்டெண்ட் டு த பேஷண்ட்' என்றால் நோயாளியைக் கவனிப்பது. வகுப்புக்குள் நுழைந்தால் 'என்டர் த கிளாஸ்'. ஒப்பந்தம் செய்துகொண்டால் மட்டும் 'என்டர் இன்ட்டு அன் அக்ரிமென்ட்'. இத்தகைய இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதும் தவறு, சேர்ப்பதும் தவறு.

ஐயம் வந்தால் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்தச் சொல்லுக்கு முன்னால் 'எ' அல்லது 'த' போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 'எ டிஸ்கஷன்', 'த டிமாண்ட்', 'அன் ஆர்டர்' என்று வந்தால் அது பெயர். பின்னால் முன்னிடைச் சொல் வரலாம். 'வி டிஸ்கஸ்டு', 'தே டிமாண்டட்', 'ஷி ஆர்டர்டு' என்று வந்தால் அது வினை. உடனே பொருளைச் சொல்லிவிடுங்கள். ஹோட்டலில் 'ஐ ஆர்டர்டு காஃபி' என்றால் காபி வந்துவிடும். 'ஃபார்' சொன்னதால் சீக்கிரம் வராது.

இரண்டாவது, அகராதி. ஆனால் பொருள் மட்டும் சொல்லும் ஆங்கிலம்-தமிழ் அகராதி இதற்கு உதவாது. 'டிஸ்கஸ்: விவாதி' என்று போட்டு அதுவே நம்மை முதல் வாசலில் கொண்டுவிடும். பிறமொழியினருக்கென்று ஆக்கப்பட்ட ஆங்கில அகராதியைப் பாருங்கள். ஏ. எஸ். ஹார்ன்பி என்பவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது, மாணவர்களுக்குச் சொற்பொருளைவிட அச்சொல் வாக்கியத்தில் எப்படி நிற்கும் என்பதே சிக்கலாயிருப்பதைக் கண்டார். இருவர் துணையோடு அவர் தொகுத்த அகராதி 1942இல் ஜப்பானில் அச்சாயிற்று. பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதை எடுத்துக்கொண்டது. இன்று நம் நூலகத்திலுள்ள ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் டிக்ஷனரி அதன் வாரிசே. அதில் வினைச்சொல்லை எடுத்துப் பொருளோடு நின்றுவிடாமல், அருகில் தடித்த எழுத்தில் உள்ள அமைப்பையும் படியுங்கள். 'டிஸ்கஸ் ஸம்திங்' என்றிருந்தால் நடுவில் ஒன்றும் இல்லை என்று பொருள். 'லிஸன்' என்னும் இடத்தில் 'டு ஸம்படி' என்று கூடவே இருக்கும். அப்பக்கத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தவளுக்கு எங்கள் வட்டம் தேவைப்படாது.

இது பிழையா, நம் நாட்டு வழக்கா?

'டீச்சர், எல்லோருமே டிஸ்கஸ் அபௌட் என்றுதானே பேசுகிறார்கள்? புரியத்தானே செய்கிறது?' என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. இந்தியாவில் மட்டுமன்றி, மேற்கு ஆப்பிரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இப்படிப் பேசுகிறார்கள். பேச்சில் இதனால் யாருக்கும் பொருள் மயங்குவதில்லை. பலகாலம் பலர் வழங்கினால் ஒரு நாள் அகராதியே இடம் கொடுக்கலாம். 'ப்ரீபோன்' என்னும் நம் நாட்டுச் சொல் இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது. ஆனால் அந்த நாள் 'டிஸ்கஸ் அபௌட்'டுக்கு இன்னும் வரவில்லை. தேர்வுத் தாளிலும் வேலைக்கு எழுதும் விண்ணப்பத்திலும் அது பிழையென்றே கொள்ளப்படுகிறது. லால்பேட்டை போன்ற ஊர்களில் அண்ணனோ சித்தப்பாவோ வளைகுடா நாட்டில் வேலையிலிருக்கும் வீடுகள் பல. அவ்வீடுகளுக்கு வரும் படிவங்களையும் கடிதங்களையும் படித்து ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறவள் பெரும்பாலும் பள்ளியில் படிக்கும் பெண்தான். அவள் எழுதியதைப் படிப்பவர் பொருளைக் கவனிக்காமல் 'அபௌட்'டைக் கவனித்து முகம் சுளித்தால் நஷ்டம் அந்த வீட்டாருக்கு. அதற்காகவே திருத்துகிறோம், பேச்சில் ஒருத்தியை நிறுத்திவைத்து நகைப்பதற்காக அன்று.

மறுபடியும் ஏரிக்கரை

அந்த மாணவியை அழைத்து, இத்தனையையும் ஒரே நாளில் சொல்லாமல் மூன்று நாள் மாலையில் பேசினோம். பின்பு அவளுடைய பழைய கட்டுரையையே கொடுத்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் எந்த வாசல் வழியாக வந்தது என்று எழுதச் சொன்னோம். 'பேக்': 'திரும்பி வந்தார்' என்னும் தமிழ். 'ரீச் டு': 'ஏரிக்கு' என்னும் உருபு. 'டிஸ்கஸ் அபௌட்': மூன்று வாசலும். 'மென்ஷன்ஸ் அபௌட்': 'வெள்ளத்தைப் பற்றி' என்னும் தமிழும், 'டாக் அபௌட்' என்னும் அண்டை வீடும். 'ஸ்ட்ரெஸ்ஸஸ் ஆன்': பெயருக்கு உரியது. 'டெல்ஸ் டு': 'ஸே' என்பதோடு கலந்தது, தமிழின் 'இடம்' உருபும் சேர்ந்தது. 'ரிக்வெஸ்டட் ஃபார்': பெயருக்கு உரியது. அதன்பின் அவளே திருத்தி எழுதினாள்:

'எவ்ரி ஈவினிங் மை ஃபாதர் ரிட்டர்ன்ஸ் ஃப்ரம் த பீட்டல் கார்டன். வி வாக் அண்ட் ரீச் த லேக். தேர் த எல்டர்ஸ் டிஸ்கஸ் த வாட்டர் லெவல். மை கிராண்ட்ஃபாதர் மென்ஷன்ஸ் அன் ஓல்டு ஃப்ளட். ஹீ ஸ்ட்ரெஸ்ஸஸ் த நீட் ஃபார் எ ஸ்ட்ராங் பண்ட். ஹீ டெல்ஸ் மீ தட் த லேக் வாட்டர் கோஸ் டு சென்னை. லாஸ்ட் இயர் அவர் பீப்பிள் ரிக்வெஸ்டட் த ஆபீஸர் டு ஓப்பன் த ஸ்லூஸ்.'

ஐந்தாம் வாக்கியத்தில் 'நீட் ஃபார்' என்பதிலுள்ள 'ஃபார்' அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டோம். "அங்கே நீட் பெயர்ச்சொல், டீச்சர். முன்னால் 'த' இருக்கிறதே" என்றாள். பயந்துபோய் எல்லாவற்றையும் எடுத்தவள், இப்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று தானே சொன்னாள். 'கோஸ் டு சென்னை' என்பதில் 'டு'வையும் அவள் தொடவில்லை.

எங்கள் வழக்கத்தையும் மாற்றிக்கொண்டோம். இப்போதெல்லாம் வட்டத்தின் அருகே ஓர் எண் போடுகிறோம். ஒன்று என்றால் தமிழிலிருந்து வந்தது. இரண்டு என்றால் பெயருக்கு உரியது. மூன்று என்றால் அண்டை வீட்டுச் சொத்து. 'டிஸ்கஸ் அபௌட்' வந்தால் மூன்று எண்ணையும் போடுகிறோம். சொந்தமாக எழுதிய கட்டுரையில் இத்தகைய பிழைகளுக்குத் தனித்தனியே மதிப்பெண் குறைப்பதில்லை என்றும், திருத்தி எழுதிக் காட்டிய பிறகே மதிப்பெண் இடுவது என்றும் வைத்துக்கொண்டோம்.

இவ்வாண்டு 'எங்கள் ஊர்' கட்டுரையில் நோட்ஸ் கிராமம் சற்றுக் குறைந்திருக்கிறது. காட்டுமன்னார்கோவிலும், சிதம்பரமும், கடலூர்க் கடற்கரையும், வடவாற்று மதகும் தாள்களில் வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றோடு வட்டங்களும் வரத்தான் செய்கின்றன. வரட்டும், திருத்தி எழுதிக்கொள்ளலாம். ஒப்பித்த கட்டுரையில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. படிப்பதற்கும் ஒன்றும் இல்லை.